திபெத்தியக் காங்யூரைப் படிப்பது எப்படி: சமஸ்கிருதச் சொல்லும் திபெத்திய உருபும் (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

எனக்குப் பேச்சுத் திபெத்திய மொழி ஓரளவு தெரியும். ஆனால் புத்தரின் உபதேசங்களுக்கான திபெத்தியத் தொகுப்பான காங்யூரில் ஒரு பக்கம்கூட நகரவில்லை. ஏன்?

அந்தப் பக்கத்தில் இருப்பது பேசுவதற்காக உருவான திபெத்திய மொழி அல்ல. சமஸ்கிருத நூல்களை ஏற்றுக்கொள்வதற்கென்றே 8, 9ஆம் நூற்றாண்டுகளில் செதுக்கி எடுத்த மொழி அது. சொற்களின் உள்ளமைப்பு சமஸ்கிருதத்துடையது. வாக்கியத்தைக் கட்டும் உருபுகளும் வினைமுற்றும் திபெத்தியத்துடையவை. இந்த இரண்டு அடுக்கையும் தனித்தனியே பார்க்கப் பழகினால் பக்கம் நகர ஆரம்பிக்கும். சொல்லைப் பிரிக்கும்போது சமஸ்கிருதத்தை நினைக்க வேண்டும், வாக்கியத்தைப் பிரிக்கும்போது திபெத்திய இலக்கணத்தை மட்டும் நம்ப வேண்டும். பெரும்பாலானோர் இதைத் தலைகீழாகச் செய்வதால்தான் சிக்கிக்கொள்கிறார்கள்.

கீழே திபெத்தியச் சொற்களை உச்சரிப்பின்படி எழுதாமல், எழுத்துக்கூட்டலின்படி எழுதியிருக்கிறேன். உருபை அடையாளம் காண எழுத்துக்கூட்டல்தான் உதவும். தமிழ் எழுத்தில் வல்லொலியும் மெல்லொலியும் ஒன்றாகத் தெரிவதால், திபெத்தியத்தில் வேறு வேறான இரண்டு உருபுகள் இங்கே ஒரே ‘து’வாக வரும். அதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

எந்த நூலை எடுத்தாலும் ஒரே சமஸ்கிருதச் சொல்லுக்கு ஒரே திபெத்தியச் சொல் வருகிறதே. மொழிபெயர்த்தவர்கள் கூடிப் பேசி முடிவு செய்தார்களா?

ஆமாம், அரச ஆணையோடு. மன்னர் திரிதே சோங்சென் காலத்தில், 814இல், மொழிபெயர்ப்புக்கான விதிகள் வகுக்கப்பட்டன. அந்த விதிகளும், கடினமான சொற்களுக்கான விளக்கமும் ‘ஸ்க்ர ஸ்ப்யோர் பம் போ க்ஞிஸ் ப’ என்ற நூலாக இன்றும் இருக்கின்றன. அதோடு சேர்ந்தது மகாவியுத்பத்தி என்ற சமஸ்கிருத–திபெத்தியச் சொற்பட்டியல், ஏறக்குறைய 9,500 சொற்கள் கொண்டது. இந்தியப் பண்டிதர்களான ஜினமித்ரர், தானசீலர் போன்றவர்களும் யேஷே தே போன்ற திபெத்திய மொழிபெயர்ப்பாளர்களும் சேர்ந்து செய்த வேலை. புதுச் சொல் தேவைப்பட்டால் தனி ஆள் தானாக உருவாக்கிக்கொள்ளக் கூடாது, அவைக்கு அனுப்பி ஒப்புதல் வாங்க வேண்டும் என்பதும் விதி.

பழைய மொழிபெயர்ப்புகளையும் இந்தப் புதிய சொற்களின்படி திருத்தினார்கள். பல சூத்திரங்களின் இறுதிக் குறிப்பில் ‘புதிய மொழித் தீர்மானத்தின்படி திருத்தி நிலைப்படுத்தப்பட்டது’ என்று இருப்பதைப் பார்க்கலாம். அந்த வரி இருந்தால், மகாவியுத்பத்தியை நம்பி அகராதியாகப் பயன்படுத்தலாம்.

‘ர்னம் பர்’, ‘ரப் து’, ‘யோங்ஸ் ஸு’ என்று வரிக்கு வரி வருகிறது. அகராதியில் ‘முழுவதும்’, ‘மிக’ என்று போட்டிருக்கிறது. ஒவ்வொரு முறையும் அப்படியே மொழிபெயர்க்க வேண்டுமா?

வேண்டாம். அவை சமஸ்கிருதத்தில் சொல்லுக்கு முன்னால் ஒட்டும் உபசர்க்கங்களின் படிகள், அதாவது நகல்கள். ‘வி’க்கு ர்னம் பர், ‘ப்ர’வுக்கு ரப் து, ‘பரி’க்கு யோங்ஸ் ஸு, ‘அபி’க்கு ம்ஙோன் பர், ‘அனு’வுக்கு ர்ஜேஸ் ஸு, ‘உப’வுக்கு ஞே பர். விஜ்ஞானம் என்பது வி + ஜ்ஞானம் என்பதால் ‘ர்னம் பர் ஷேஸ் ப’ ஆனது. அந்தச் சொல்லில் ‘ஷேஸ் ப’தான் அறிதல். ர்னம் பர் என்பது ‘வி’ என்ற ஓர் எழுத்தின் நிழல்.

இவற்றின் கடைசியைக் கவனியுங்கள்: து, ஸு, ர். மூன்றும் திபெத்திய வேற்றுமை உருபுகள். ‘இடத்துக்கு’, ‘ஆக’ என்ற பொருளில் பெயரோடு சேரும் அதே உருபு, இங்கே வினையடையை உண்டாக்கும் வேலை பார்க்கிறது. ‘யோங்ஸ் ஸு’வில் உள்ள ஸுவைப் பார்த்து ‘எங்கே போகிறார்கள்’ என்று தேட ஆரம்பித்தால் வாக்கியம் கலைந்துவிடும். உபசர்க்கப் படியையும் அதை அடுத்து வரும் வினையையும் ஒரே சொல்லாகப் பூட்டிவிட்டு அப்புறம் மேலே படியுங்கள்.

814ஆம் ஆண்டு விதிகளே இதில் தெளிவாக இருக்கின்றன: பரி, ஸம், உப போன்றவை பொருளைக் கூட்டும் இடத்தில் மொழிபெயர்க்க வேண்டும், கூட்டாத இடத்தில் தேவையில்லை. ஆகவே ர்னம் பர் இல்லையென்றால் மூலத்தில் ‘வி’ இல்லை என்று அடித்துச் சொல்லவும் முடியாது. சில சொற்களில் வரிசையும் மாறும். ப்ரஜ்ஞா ‘ரப் ஷேஸ்’ ஆகாமல் ‘ஷேஸ் ரப்’ ஆனது. ‘ஸம்’ சில சொற்களில் ‘து’ (ஒன்றுகூடுதல்) என்ற வினையாக வரும்: ஸம்ஜ்ஞா ‘து ஷேஸ்’, ஸம்ஸ்காரம் ‘து ப்யேத்’. இந்த து உருபு இல்லை, சொல்லின் தலைப்பகுதி.

கலைச்சொல்லுக்குள்ளேயே உருபு இருந்தால் என்ன செய்வது?

இதுதான் தொடக்கத்தில் அதிகம் வழுக்கும் இடம். நிர்வாணத்துக்கு ‘ம்ய ஙன் லஸ் தஸ் ப’, அதாவது துயரிலிருந்து கடந்தது. அதில் லஸ் ஐந்தாம் வேற்றுமை. பாரமிதாவுக்கு ‘ப ரோல் து ப்யின் ப’, அக்கரைக்குச் சென்றது. அதில் து இருக்கிறது. ப்ரஜ்ஞாபாரமிதா முழுவதும் ‘ஷேஸ் ரப் க்யி ப ரோல் து ப்யின் ப’. சமஸ்கிருதத் தொகையில் மறைந்திருந்த ஆறாம் வேற்றுமையும் க்யியாக வெளியே வந்துவிட்டது. ஒரே கலைச்சொல்லில் இரண்டு உருபு, ஒரு வினை. வாக்கியத்தின் வினை அது இல்லை.

பென்சிலால் கலைச்சொற்களை முதலில் வட்டமிட்டு, வட்டத்துக்கு வெளியே உள்ள உருபுகளை மட்டும் வாக்கிய உருபுகளாக எண்ணுங்கள். இந்த ஒரு பழக்கம் பாதி வேலையை முடித்துவிடும்.

திபெத்திய இலக்கணமும் எட்டு வேற்றுமை என்கிறது. அப்படியானால் சமஸ்கிருத வேற்றுமைக்கு நேர் நேராகத் திபெத்திய உருபைப் பொருத்திவிடலாம் அல்லவா?

எட்டு என்ற எண்ணிக்கை சமஸ்கிருத இலக்கணத்திலிருந்து எடுத்துப் போட்ட சட்டகம். தமிழிலும் எட்டு என்று படித்தவர்கள்தானே நாம், அதனால் பெயர்கள் பழக்கமாகவே இருக்கும். ஆனால் உருபுகள் அந்தச் சட்டகத்தில் ஒன்றுக்கு ஒன்றாக உட்காரவில்லை. ஸு, ரு, ர், ந, ல, இரண்டு து என்ற ஏழும் ‘ல தோன்’ என்ற ஒரே குடும்பம். இரண்டாம், நான்காம், ஏழாம் வேற்றுமை மூன்றையும் இந்தக் குடும்பமே பார்த்துக்கொள்கிறது. எந்தத் து, எந்த ஸு என்பதை முன்சொல்லின் கடைசி எழுத்து தீர்மானிக்கிறது, பொருள் அல்ல. ‘ஸ்’ஸில் முடிந்தால் ஸு, உயிரில் முடிந்தால் ர் அல்லது ரு. ஆறாம் வேற்றுமைக்குக் கி, க்யி, இ, யி. அதோடு ஸ் சேர்ந்தால் மூன்றாம் வேற்றுமை: கிஸ், க்யிஸ். ஐந்தாவதற்கு நஸ், லஸ்.

எந்த உருபு வர வேண்டும் என்பதைத் திபெத்திய வினை கேட்கிறது. சமஸ்கிருத விகுதி கேட்பதில்லை. கீழே ஒரு வாக்கியத்தில் இதைக் காட்டுகிறேன்.

ஒரு வாக்கியத்தை முழுசாகப் பிரித்துக் காட்ட முடியுமா?

நீண்ட வடிவ இதய சூத்திரத்தின் தொடக்கத்தை எடுத்துக்கொள்வோம். பதிப்புக்குப் பதிப்பு ஓரிரு உருபு மாறும், அடிப்படை இதுதான்:

தி ஸ்கத் ப்தக் கிஸ் தோஸ் ப துஸ் க்சிக் ந / ப்சோம் ல்தன் தஸ் ர்க்யல் போ-இ கப் ந ப்ய ர்கோத் புங் போ-இ ரி ல த்கே ஸ்லோங் கி த்கே துன் சென் போ தங் / ப்யங் சுப் ஸெம்ஸ் த்ப-இ த்கே துன் சென் போ தங் தப்ஸ் க்சிக் து ப்ஷுக்ஸ் தே /

சமஸ்கிருதத்தில்: ஏவம் மயா ஶ்ருதம், ஏகஸ்மின் ஸமயே பகவான் ராஜக்ருஹே விஹரதி ஸ்ம க்ருத்ரகூடே பர்வதே, மஹதா பிக்ஷுஸங்கேன ஸார்தம் மஹதா ச போதிஸத்வஸங்கேன.

வினையிலிருந்து பின்னோக்கி வருவோம். தமிழைப் போலவே வினை கடைசியில்தான். ‘ப்ஷுக்ஸ்’ என்றால் வீற்றிருத்தல், மரியாதை வடிவம். ‘தே’ வாக்கியம் இன்னும் தொடர்கிறது என்கிறது. யார் வீற்றிருந்தார்? ‘ப்சோம் ல்தன் தஸ்’, பகவான். அவருக்கு உருபே இல்லை, ஏனென்றால் வீற்றிருத்தல் செயப்படுபொருள் குன்றிய வினை. தொடக்கத்தில் ‘ப்தக் கிஸ்’ என்று கேட்டவருக்குக் கிஸ் இருப்பதையும் இங்கே இல்லாததையும் சேர்த்துப் பாருங்கள். கேட்டல் செயப்படுபொருள் குன்றா வினை, அதனால் செய்பவருக்குக் கிஸ் வேண்டும். சமஸ்கிருதத்தில் ‘மயா ஶ்ருதம்’ செயப்பாட்டு வினைதான். ஆனால் திபெத்தியக் கிஸ் அதைக் காட்டவில்லை, செய்வினையாக இருந்தாலும் இதே கிஸ்தான் வந்திருக்கும். ஆகவே ‘என்னால் கேட்கப்பட்டது’ என்று வலிந்து எழுதத் தேவையில்லை. ‘நான் இவ்வாறு கேட்டது’ என்பதே சரி.

எங்கே? ‘ர்க்யல் போ-இ கப் ந’, அரசனின் இல்லத்தில். ராஜக்ருஹம் என்ற ஊர்ப்பெயரையே பிரித்து மொழிபெயர்த்துவிட்டார்கள். அடுத்து ‘ப்ய ர்கோத் புங் போ-இ ரி ல’, கழுகுக் குவியல் மலையின் மீது, க்ருத்ரகூடம். மூலத்தில் இரண்டும் ஒரே ஏழாம் வேற்றுமை. திபெத்தியத்தில் ஊருக்குள் என்பதற்கு ந, மலைமேல் என்பதற்கு ல. ‘துஸ் க்சிக் ந’வில் காலத்துக்கும் ந.

யாரோடு? ‘ஸங்கேன’ மூன்றாம் வேற்றுமை. நேர் நேராகப் பொருத்தும் ஆள் இங்கே கிஸ்ஸைத் தேடுவார், கிடைக்காது. ‘தங் தப்ஸ் க்சிக் து’ என்று ஸார்தம் என்பதற்கான தொடர் இருக்கிறது. தமிழில் ‘ஆல்’, ‘ஓடு’ இரண்டும் மூன்றாம் வேற்றுமைக்குள் வருவதால் நமக்கு இது விசித்திரமாகத் தோன்றாது. இரண்டு தங் இருக்கிறதே என்றால், முதல் தங் ‘உம்’, இரண்டாவது ‘ஓடு’.

இன்னொன்று. ‘மஹதா பிக்ஷுஸங்கேன’ என்று சமஸ்கிருதத்தில் அடைக்கும் விகுதி, பெயருக்கும் விகுதி. திபெத்தியத்தில் ‘த்கே துன் சென் போ’ என்று பெயரும் அடையும் முடிந்த பிறகு ஒரே ஓர் உருபு. உருபைக் கண்டால் அதற்கு முன்னால் உள்ள தொடர் முழுவதையும் அது ஆள்கிறது என்று எடுத்துக்கொள்ள வேண்டும். தொடர் எங்கே தொடங்குகிறது என்பதை உருபு சொல்லாது, பொருளை வைத்து நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும்.

‘ப்சோம் ல்தன் தஸ்’ என்பதில் ஏன் மூன்று துண்டு? பகவத்தில் இரண்டுதானே?

‘பக’ என்பதை ‘பஞ்ஜ்’ (உடைத்தல்) என்ற வேரோடு சேர்த்து ப்சோம், வென்றவர் என்றார்கள். ‘வத்’ என்ற உடைமை விகுதிக்கு ல்தன். உலகத் தெய்வங்களையும் பகவான் என்று அழைப்பதுண்டு என்பதால், அவற்றிலிருந்து புத்தரைப் பிரித்துக் காட்ட தஸ், ‘கடந்தவர்’ என்பதைக் கூடுதலாகச் சேர்த்தார்கள். விதிநூலே இந்தக் காரணத்தைச் சொல்கிறது. அர்ஹத்துக்கு ‘த்க்ர ப்சோம் ப’ (பகையை வென்றவர்) என்பதும் இதே முறை: ‘அரி’ + ‘ஹன்’ என்ற பழைய நிருக்தியைப் பின்பற்றியது. இந்தச் சொற்கள் மொழியியலாளர் ஏற்கும் வேரைக் காட்டவில்லை, மரபுரை ஏற்ற வேரைக் காட்டுகின்றன. மொழிபெயர்க்கும்போது பகவான், அர்ஹத் என்றே எழுதுங்கள் என்பேன். வரிக்கு வரி ‘வென்று, உடையவராய், கடந்தவர்’ என்று எழுதுவது படிப்பவரைத் தண்டிப்பது.

‘லஸ்’ எப்போது உருபு, எப்போது கர்மம்?

இரண்டும் ஒரே எழுத்துக்கூட்டல். அபிதர்மகோசத்தின் நான்காம் அத்தியாயம் இப்படித் தொடங்குகிறது: ‘லஸ் லஸ் ஜிக் ர்தேன் ஸ்ன த்ஸோக்ஸ் ஸ்க்யேஸ்’. முதல் லஸ் கர்மம், இரண்டாவது ஐந்தாம் வேற்றுமை: கர்மத்திலிருந்து உலகின் பன்மை பிறக்கிறது. சமஸ்கிருதத்தில் ‘கர்மஜம் லோகவைசித்ர்யம்’. அங்கே ‘கர்மஜ’ என்ற தொகைக்குள் மறைந்திருந்த வேற்றுமையைத் திபெத்தியம் வெளிப்படையாக எழுதிவிட்டது.

பெயரான லஸ், தன் பின்னால் உருபோ பன்மைச் சொல்லோ ஏற்கும்: லஸ் க்யி, லஸ் ர்னம்ஸ். உருபான லஸ் பெயரை ஒட்டி நிற்கும், அடுத்து வினையோ அடையோ வரும். ‘விட’ என்ற ஒப்புப் பொருளும் ‘வேறு’ என்பதோடு வரும் பொருளும் இதற்கு உண்டு. இதய சூத்திரத்தின் ‘க்ஸுக்ஸ் லஸ் ஸ்தோங் ப ஞித் க்‌ஷன் ம யின்’ என்பது உருவத்திலிருந்து சூனியம் வேறல்ல. மூலத்தின் ‘ரூபாத்’ என்ற ஐந்தாம் வேற்றுமையும் லஸ்ஸும் இங்கே அழகாகப் பொருந்துகின்றன.

உரைநடை ஓரளவு பிடிபடுகிறது. செய்யுள் வந்தால் உருபே காணோமே?

அளவுக்காக விழுங்கிவிடுகிறார்கள். எட்டெழுத்துப் பாதம் நான்கு கொண்ட சுலோகம், பெரும்பாலும் ஏழசை வரி நான்காக மாறுகிறது. ரத்னகோத்ரவிபாகத்தின் முதல் அத்தியாயச் சுலோகம் ஒன்றைப் பார்ப்போம். 11ஆம் நூற்றாண்டில் ஙோக் லோதன் ஷேரப் காஷ்மீரில் சஜ்ஜனரோடு சேர்ந்து மொழிபெயர்த்தது.

ர்த்ஸோக்ஸ் ஸங்ஸ் ஸ்கு நி ப்ரோ ப்யிர் தங் /
தே ப்ஷின் ஞித் த்ப்யேர் மேத் ப்யிர் தங் /
ரிக்ஸ் யோத் ப்யிர் ந லுஸ் சன் குன் /
ர்தக் து ஸங்ஸ் ர்க்யஸ் ஸ்ஞிங் போ சன் //

மூலம்: ஸம்புத்தகாயஸ்பரணாத் தததாவ்யதிபேததஹ் / கோத்ரதஶ் ச ஸதா ஸர்வே புத்தகர்பாஹ் ஶரீரிணஹ்.

‘ஸ்பரணாத்’, ‘பேததஹ்’, ‘கோத்ரதஹ்’ மூன்றும் ஐந்தாம் வேற்றுமை. ஆனால் லஸ் ஓரிடத்திலும் இல்லை, மூன்று முறையும் ‘ப்யிர்’ (காரணத்தால்). ‘இதிலிருந்து’ என்ற ஐந்தாம் வேற்றுமை வேறு, ‘இதனால்’ என்ற ஐந்தாம் வேற்றுமை வேறு என்று மொழிபெயர்ப்பாளர் பிரித்துவிட்டார். உரைநடையில் ‘ப்ரோ ப-இ ப்யிர்’ என்று ஆறாம் வேற்றுமையோடு வந்திருக்கும், இங்கே அது விழுந்துவிட்டது. ‘ர்த்ஸோக்ஸ் ஸங்ஸ்’ என்பதும் ‘ர்த்ஸோக்ஸ் ப-இ ஸங்ஸ் ர்க்யஸ்’ஸின் சுருக்கம். முதல் வரியின் ‘நி’ பேசுபொருளைச் சுட்டுவது, அசை நிரப்பவும் உதவுகிறது. அதற்குப் பொருள் தேட வேண்டாம்.

இரண்டாம் வரியில் திபெத்தியம் நமக்குப் பெரிய உதவி செய்கிறது. ‘தததாவ்யதிபேத’ என்ற கோவையைத் தததா + வ்யதிபேத என்றும் பிரிக்கலாம், தததா + அவ்யதிபேத என்றும் பிரிக்கலாம். பொருள் நேர் எதிராகிவிடும். சந்தியில் எதிர்மறை ‘அ’ நெடிலுக்குள் கரைந்துவிட்டது. ‘த்ப்யேர் மேத்’, வேறுபாடு இல்லை, என்று திபெத்தியம் அந்த ‘அ’வைக் காட்டிக்கொடுக்கிறது.

கடைசி வரியில் ‘புத்தகர்பாஹ்’ அன்மொழித்தொகை: புத்தரைக் கருவாக உடையவர்கள். அந்த ‘உடைய’ என்பதற்குத்தான் ‘சன்’. அதை விட்டுவிட்டு ‘எல்லா உயிர்களும் புத்தரின் கரு’ என்று படித்தால் தத்துவமே மாறிப்போகும். ‘லுஸ் சன்’ (உடல் உடையவர், ஶரீரின்) என்பதிலும் அதே சன். சேர்த்துச் சொன்னால்: முழுமையாக விழித்தவரின் உடல் எங்கும் பரவுவதாலும், உண்மைநிலையில் வேறுபாடு இல்லாததாலும், கோத்திரம் இருப்பதாலும், உடல் கொண்ட எல்லாரும் எப்போதும் புத்தரைக் கருவாக உடையவர்கள்.

ஒரு பதிப்பில் ‘க்யி’, இன்னொன்றில் ‘க்யிஸ்’. எது சரி?

ஓர் ‘ஸ்’தானே வித்தியாசம், எழுதியவர் கையிலும் மரக்கட்டை செதுக்கியவர் கையிலும் எளிதில் விழும், எளிதில் சேரும். சோதிக்கும் வழி வினைதான். ‘ஸங்ஸ் ர்க்யஸ் க்யி க்ஸுங்ஸ் ப-இ சோஸ்’ என்று இருந்தால், சொல்லுதல் என்ற வினைக்குச் சொன்னவர் வேண்டும். புத்தர் சொன்ன தர்மம் என்பதற்கு க்யிஸ்தான் பொருந்தும். எதிர்த்திசையில், க்யிஸ் இருந்து, பின்னால் செய்பவரைக் கேட்கும் வினையே வரவில்லை என்றால், முதலில் அது கருவியா அல்லது காரணமா என்று பாருங்கள். அதுவும் இல்லையென்றால் க்யியாக இருக்கலாம்.

தேர்கே காங்யூர் (1733இல் முடிந்தது) படிக்க மிக வசதியானது. அதைப் பதிப்பித்த சிது பண்சென் திபெத்திய இலக்கணத்துக்குப் பேருரை எழுதியவர். அதனாலேயே ஓர் எச்சரிக்கையும் தேவை: அங்கே உருபு ஒழுங்காக இருப்பது பழைய பாடம் என்பதற்குச் சான்று ஆகாது, திருத்தமாகவும் இருக்கலாம். சந்தேகமான இடத்தில் நர்தங், பீக்கிங் பதிப்புகளைப் பக்கத்தில் வையுங்கள்.

திபெத்தியத்தை வைத்து, தொலைந்துபோன சமஸ்கிருத மூலத்தைத் திரும்ப எழுதிவிடலாமா?

கலைச்சொற்களை மீட்கலாம். வாக்கியத்தை மீட்க முடியாது. ‘யங் தக் பர்’ என்பது ‘ஸம்’முக்கும் வரும், ‘ஸம்யக்’குக்கும் வரும். ல எந்த வேற்றுமையிலிருந்து வந்தது என்பது தெரியாது. செயப்பாட்டு வினையா, தொகையா, தனிச்சொல்லா என்பதும் தெரியாது. செய்யுளில் பாதங்களுக்குள் சொற்களை இடம் மாற்ற விதியே அனுமதித்திருக்கிறது. நான் பார்த்த மறு ஆக்கங்களில் பல, இலக்கணம் சுத்தமான சமஸ்கிருதம், ஆனால் எந்த இந்திய ஆசிரியரும் எழுதியிருக்க மாட்டார்.

இன்னொரு எல்லையும் உண்டு. காங்யூரில் எல்லாம் சமஸ்கிருதத்திலிருந்து வந்ததல்ல. துன்ஹுவாங்கில் பணிசெய்த சோத்ரூப், பொன்னொளிச் சூத்திரத்தின் நீண்ட வடிவத்தைச் சீனத்திலிருந்து மொழிபெயர்த்தார். அந்த மாதிரி நூலில் ர்னம் பர்ரைக் கண்டவுடன் ‘வி’ என்று எழுதினால், சீன மூலத்தில் இல்லாத உபசர்க்கத்தை நாமே உண்டாக்கியவர்களாவோம். எனவே அகராதியைத் திறக்கும் முன் நூலின் முதல் வரியையும் கடைசிக் குறிப்பையும் படியுங்கள். முதல் வரியில் ‘ர்க்ய கர் ஸ்கத் து’ (இந்திய மொழியில்) என்று சமஸ்கிருதத் தலைப்பும், ‘போத் ஸ்கத் து’ (திபெத்திய மொழியில்) என்று மொழிபெயர்த்த தலைப்பும் பொதுவாக இருக்கும். ‘ர்க்ய நக் ஸ்கத் து’ என்று இருந்தால் மூலம் சீனம்.